மாதம்மாவை முனியம்மா என்று கூப்பிட்டுவிட்டேன்

*வணக்கம் மேடம். எனக்கு 27 வயது. சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம். 7 மாதமாகப் பாலக்கோடு பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்கிறேன். மகளிர் சுய உதவிக் குழுக் கடன்கள் என் பொறுப்பு. மாதத்துக்கு 9 குழுக்களைப் போய்ப் பார்க்கிறேன், எதிலும் 12 பேருக்குக் குறைவில்லை. முகம் தெரிகிறது, பெயர் நிற்பதில்லை. மாதம்மா, முனியம்மா, மாதேஸ்வரி, இன்னொரு முனியம்மா என்று எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. 'வாங்கக்கா' என்று பொதுவாகச் சொல்லிச் சமாளிக்கிறேன். போன கூட்டத்தில் மாதம்மா என்ற ஒரு அக்காவை முனியம்மா என்று கூப்பிட்டுவிட்டேன். 'ஏழு மாசமா வர்றீங்க, வட்டி மட்டும்தான் சரியா ஞாபகம் இருக்கு' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாடிக்கையாளரின் பெயரை மூன்று தடவையாவது சொல்லிப் பேச வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். என்னைவிட மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இந்தப் பக்கம் சரியா? பெயரை மறக்காமல் இருக்க வழி இருக்கிறதா?*
*– வங்கி ஊழியர், பாலக்கோடு வட்டம்*

தம்பி, அந்த மாதம்மா அக்காவின் பெயரை இனி நீங்கள் மறக்கப் போவதில்லை. துணிந்து ஒரு விடையைச் சொல்லி, அது தப்பு என்று உடனே திருத்தப்பட்டால், திருத்திய விடை நன்றாகவே பதிகிறது. நினைவாற்றல் ஆராய்ச்சியில் பல தடவை பார்த்த விஷயம் இது. அதாவது 7 மாதமாகப் பொத்தாம்பொதுவாகச் சொன்ன 'வாங்கக்கா' கற்றுத் தராததை, தப்பாகச் சொன்ன ஒரு பெயர் ஒரு நொடியில் கற்றுத் தந்துவிட்டது. என்ன காரணம் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கூப்பிடுகிற முறையைப் பார்ப்போம். அது சரியாக அமையாவிட்டால் பெயர் ஞாபகம் இருந்தும் வாய் வராது.

பெயரை மட்டும் தனியாகச் சொல்வது சரியில்லை. உறவுமுறையோடு ஒட்டிச் சொன்னால் சரிதான். 'மாதம்மாக்கா, வாங்க' என்று சொல்லிப் பாருங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதே பெயரை 'மாதம்மா, வணக்கம்' என்று 27 வயதுப் பையன் சொன்னால், பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கிற மாதிரி விழும். உங்கள் பயிற்சியில் சொன்ன மூன்று தடவைக் கணக்கு, பெயரைத் தனியாகச் சொன்னாலே மரியாதையாக இருக்கிற மொழிகளில் பிறந்தது. நம்மிடம் மரியாதை பெயரில் இல்லை, 'வாங்க', 'சொல்லுங்க' என்று வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அது ஒவ்வொரு வாக்கியத்திலும் தானாக வந்துவிடுவதால், நடுநடுவே பெயரைச் செருகத் தேவையே இல்லை. செருகினால் கண்டிப்பது போலக் கேட்கும். 'முனியம்மாக்கா, இந்தத் தவணை, முனியம்மாக்கா, அடுத்த மாசம்...' என்று பேசினால் அவர் ஏதோ கட்டாமல் விட்டுவிட்டாரோ என்று பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். வந்ததும் ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை. போதும்.

அறுபதைத் தாண்டியவர்களிடம் 'அக்கா'வும் சரிப்படாது. பெயரே 'அம்மா' என்று முடிகிறபோது அதன் பின்னால் இன்னொரு 'அம்மா'வை ஒட்டவும் முடியாது. அவர்களிடம் நேரே பேசும்போது பெயரை விட்டுவிட்டு 'வாங்கம்மா' என்றே சொல்லுங்கள். பெயரை மற்றவரிடம் பேசும்போது பயன்படுத்துங்கள். குழுவை நடத்துகிற ஊக்குநரைப் பார்த்து, 'முனியம்மா அவங்க கையெழுத்து ஆச்சா?' என்று கேளுங்கள். பெயர் அவர் காதில் விழுகிறது, உங்களுக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மரியாதையும் குறையவில்லை. உங்களைவிடச் சின்னவர்களிடம் பெயரோடு 'வாங்க' போதும். 'வாம்மா, போம்மா' வேண்டாம், உங்கள் வயதுக்கு அது அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கும்.

'இன்னார் சம்சாரம்' என்று கூப்பிடுவதையும் விட்டுவிடுங்கள், உங்கள் ரிஜிஸ்டரில் அப்படி எழுதியிருந்தாலும். இந்தக் குழுக்களுக்கு நம் மாவட்டத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989இல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியபோது, முதலில் வந்தது தருமபுரிக்குத்தான். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, 2004இல்தான் பிரிந்தது. அந்தக் காலத்துக் குழு ஒன்றில் இருந்த பாட்டி ஒருவர் என்னிடம், 'பாஸ்புக்குல என் பேரு மட்டும் தனியா இருந்ததை அன்னைக்குத்தான் பார்த்தேன்' என்றார். பெயர் எழுதிய அந்தப் புத்தகத்தோடு வருகிறவரைக் கணவர் பெயரால் கூப்பிடுவது எவ்வளவு உறுத்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வயதான பெண்கள் சிலர் கணவர் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். படிவத்துக்காகக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். ஆதாரைப் பார்த்து நீங்களே படியுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுவார்.

கம்ப்யூட்டரில் இருக்கிற பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். திரையில் MATHAMMAL என்று இருப்பதை வெளியூர்க்காரர் 'மத்தம்மாள்' என்று படித்துவிடுவார். KALIAMMAL என்பது காளியம்மாள். 'கலியம்மாள்' என்று படித்தால் சண்டைக்கு இழுத்த மாதிரி. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாற்றல் ஆனால் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் நிறைய, அங்கே இது இன்னும் அதிகம். ஆகவே முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்: 'உங்களை எப்படிக்கா கூப்பிடுவாங்க?' ஆதாரில் ஒன்று, ஊரில் ஒன்று என்று பலருக்கு இருக்கிறது. ஊர்ப் பெயரில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது ஞாபகத்துக்கு வருவோம். பெயரை மறக்காமல் இருக்க வழி கேட்டிருக்கிறீர்கள். பாதிப் பெயர்களை நீங்கள் மறக்கவே இல்லை, ஏனென்றால் அவை உள்ளே போகவே இல்லை. 1973இல் மால்கம் பிரென்னர் என்ற ஆய்வாளர், ஒரு குழுவில் ஆளுக்கொரு சொல்லாக முறைவைத்து உரக்கப் படிக்கச் சொன்னார். பிறகு எந்தெந்தச் சொல் நினைவிருக்கிறது என்று கேட்டபோது, தன் முறைக்குச் சற்று முன்னால் மற்றவர் படித்த சொற்கள்தான் மோசமாக விட்டுப்போயிருந்தன. அடுத்து நாம் பேச வேண்டும் என்று காத்திருக்கும் மனசு, பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் காதால் மட்டுமே கேட்கிறது.

உங்கள் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, பையைத் திறக்கிறீர்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்கிறார்கள். உங்கள் மண்டைக்குள்ளே 'நான் வங்கியிலிருந்து வருகிறேன், இந்தத் தடவை கடன் வரம்பு இவ்வளவு' என்று உரை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் சொன்ன பெயர் எப்படி நிற்கும்? வரிசையை மாற்றுங்கள். முதலில் நீங்கள் பேசி முடித்துவிடுங்கள், யார், எதற்கு வந்திருக்கிறீர்கள், எல்லாம். அப்புறம் பெயர்களைக் கேளுங்கள். நீங்கள் பேசக் காத்திருக்கும் முறை எதுவும் அப்போது மிச்சம் இருக்காது. இந்த ஒரு மாற்றத்துக்கே வித்தியாசம் தெரியும்.

உள்ளே போன பெயரும் ஏன் வழுக்குகிறது என்று கேட்டால், பெயருக்குப் பிடிமானம் இல்லை என்பதுதான் பதில். இங்கிலாந்தில் 1987இல் வெளியான ஒரு சோதனையில், ஒரே ஆங்கிலச் சொல்லைச் சிலருக்கு முகத்தோடு சேர்த்துத் தொழிலாகவும் சிலருக்குக் குடும்பப் பெயராகவும் சொன்னார்கள். 'பேக்கர்' என்றால் ரொட்டி சுடுகிறவர், அதுவே ஒரு குடும்பப் பெயரும் கூட. தொழிலாகக் கேட்டவர்களுக்கு ஞாபகம் இருந்தது, பெயராகக் கேட்டவர்களுக்கு அதே சொல் நழுவியது. தொழில் என்றால் பேக்கரி, பன் வாசனை, காலையில் எழுவது என்று ஆயிரம் இழை ஓடி வந்து ஒட்டிக்கொள்கிறது. பெயர் தனியாகத் தொங்குகிறது. தக்காளி போட்டிருக்கிற அக்கா, பட்டுக்கூடு வளர்க்கிற அக்கா என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும், பெயர்தான் வராது என்பதற்கு இதுவே காரணம். உங்கள் மூளையில் பழுது ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில்தான் ஞாபக சக்தி வகுப்பு நடத்துகிறவர்கள் படம் போடச் சொல்வார்கள். மாதம்மா என்றால் மாதக் காலண்டரைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பதாகக் கற்பனை செய், முகத்தோடு ஒட்டு என்பார்கள். அறைக்குள் உட்கார்ந்து, நேரம் எடுத்துக்கொண்டு, புகைப்படங்களை வைத்துச் செய்தால் அது வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எதிரே ஆள் நின்று பேசும்போது படம் வரையப் போனால் அவர் பேசுவது காதில் விழாது. 2005இல் வெளியான ஒரு ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்களை விருந்துக்கு அனுப்பி இதைச் சோதித்தார்கள். படம் போடச் சொன்னவர்களுக்கு அதனால் பயன் கிடைக்கவில்லை. இடைவெளி விட்டு விட்டுப் பெயரை நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கச் சொன்னவர்கள்தான் பிற்பாடு அதிகப் பெயர்களைச் சொன்னார்கள். அதோடு, மாதம்மா, மாதேஸ்வரி, மாதையன் என்று ஊரே ஒரு எழுத்தில் தொடங்குகிற இடத்தில் எத்தனை காலண்டரைத்தான் தலையில் ஏற்றுவது?

ஆக உங்களுக்கு நான் சொல்வது அந்த இரண்டாவது வழிதான். லாண்டவர், பியோர்க் என்ற இருவர் 1978இலேயே பெயர்களை வைத்துச் செய்து காட்டியது. பெயரைக் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒரு தடவை, அதைவிட அதிக நேரம் விட்டு ஒரு தடவை, அப்புறம் இன்னும் அதிக நேரம் விட்டு ஒரு தடவை, பார்க்காமல், கேட்காமல், உள்ளிருந்து இழுத்துப் பார்க்க வேண்டும். மனசுக்குள் 'மாதம்மா, மாதம்மா, மாதம்மா' என்று உருப்போடுவது இதில் சேராது. அது வாயில் சுற்றுகிற பெயரைத் திரும்பச் சொல்வதுதான், உள்ளே போய் எடுத்து வருவது இல்லை. கொஞ்சம் மறக்க ஆரம்பிக்கிற நேரத்தில் முக்கி எடுக்கிறீர்களே, அந்த முக்கல்தான் பெயரைப் பதிக்கிறது. மாதம்மா அக்காவிடம் நடந்ததும் இதுவே. நீங்கள் ஒரு பெயரை உள்ளிருந்து இழுத்தீர்கள், தப்பாக வந்தது, திருத்தினார்கள். 'வாங்கக்கா' என்று சொன்ன நாட்களில் எதையும் இழுக்கவே இல்லை. பெயர் சொல்லி வரவேற்பதே உங்களுக்குப் பயிற்சி. அதைத் தவிர்த்தால் பயிற்சியும் போச்சு.

ஒரு கூட்டத்தை எடுத்துச் செய்து பார்ப்போம். 14 பேர் உள்ள குழு, காலை 11 மணி. 14 பேரையும் ஒரே நாளில் பிடிக்க நினைக்காதீர்கள். அதனால்தான் 7 மாதமாக ஒருவரும் பிடிபடவில்லை. 4 பேர். ஊக்குநர், பிரதிநிதி இருவரையும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நான்கு பேருக்கு எடுத்துக்காட்டாக நானே பெயர் வைக்கிறேன்: சின்னபாப்பா, மாதேஸ்வரி, முனியம்மா, கோவிந்தம்மா.

நீங்கள் பேசி முடித்துப் பெயர் கேட்கிறீர்கள். 'சின்னபாப்பா' என்கிறார். 'சின்னபாப்பாக்கா, சரிங்க' என்று உடனே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். தப்பாகக் கேட்டிருந்தால் அப்போதே திருத்திவிடுவார், அதற்குத்தான் இது. முகத்தைப் பாருங்கள், சேலையைப் பார்க்காதீர்கள். பச்சைச் சேலை, தூண் ஓரம் என்று பதித்தால் அடுத்த மாதம் தூண் ஓரம் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கு முகம் தெரிந்தும் பெயர் மாறிப்போவதற்கு இடம் ஒரு காரணமாக இருக்கலாம். முகத்தில் மாறாதது எது என்று பாருங்கள்: புருவம், மோவாய், மச்சம், குரல். மூக்குத்தி பரவாயில்லை, பெரும்பாலும் மாறாது. கண்ணாடியை நம்ப வேண்டாம்.

அடுத்த மூன்று பேரையும் கேட்டு முடித்ததும், ஊக்குநர் சந்தா வசூலிக்கத் தொடங்குவார். அரை நிமிடம் ஆகியிருக்கும். நோட்டைப் பார்க்காமல் நான்கு முகத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள், பெயரை மனசுக்குள் எடுங்கள். மூன்றாவது வரவில்லையா? 10 விநாடி முயன்று பாருங்கள். வராவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டுவிடுங்கள். தப்பான பெயரை யூகித்துவிட்டுச் சரிபார்க்காமல் போவதுதான் ஆபத்து, அந்தத் தப்பே பதிந்துவிடும். இன்னும் 4, 5 நிமிடம் கழித்து, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கும்போது இரண்டாவது சுற்று.

மூன்றாவது சுற்று பாஸ்புக். இதுதான் உங்கள் வேலையில் இருக்கிற பெரிய வசதி, வேறு யாருக்கும் இப்படி அமையாது. பதிவு போட்ட பாஸ்புக்குகளை ஊக்குநரிடம் கட்டாகக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நான்கை மட்டும் நீங்களே எடுங்கள். அட்டையில் பெயரைப் படிக்கும் முன் ஆளைப் பாருங்கள், பெயரை எடுங்கள், பிறகு அட்டையைப் பாருங்கள். சரியா தப்பா என்று கையிலேயே விடை இருக்கிறது. 'கோவிந்தம்மாக்கா, இந்தாங்க.' இயல்பாக இருக்கும், சோதனை நடப்பது யாருக்கும் தெரியாது.

கிளம்பி வண்டி எடுக்கும் முன் நான்காவது சுற்று. இரவு சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. இரண்டு நாள் கழித்து ஒன்று, வாரம் கழித்து ஒன்று, அடுத்த கூட்டத்துக்கு முந்தின இரவு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் முகத்தை மனசுக்குக் கொண்டுவந்து பெயரை எடுத்த பின்தான் நோட்டைத் திறக்க வேண்டும். பட்டியலைப் படித்துவிட்டு 'ஆமாம், தெரியும்' என்று தலையாட்டுவது எல்லோரும் செய்கிற தப்பு. படிக்கும்போது தெரிந்த மாதிரிதான் இருக்கும், ஆள் எதிரே வந்தால் வராது. அடுத்த மாதம் அந்த நான்கு பேரோடு இன்னும் நான்கு பேர். இரண்டு மாதத்தில் ஒரு நான்கில் மூன்று நின்றால் அது நல்ல கணக்கு. 9 குழுக்களிலும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம், 3 குழுவில் தொடங்குங்கள். வேகமாகச் சேர்த்தால் குழுவுக்குக் குழு பெயர்கள் ஒன்றோடொன்று மோதும்.

மோதல் என்றதும் உங்கள் இரண்டு முனியம்மாக்கள். ஒரே பெயருக்கு இரண்டு முகம் இருந்தால் மூளை குழம்பாது, உண்மையில் அதுதான் சுலபம், யாரைக் கூப்பிட்டாலும் முனியம்மாக்கா. குழப்புவது மாதம்மாவும் மாதேஸ்வரியும், முனியம்மாவும் முனிரத்தினமும். அந்த மாதிரிப் பெயர்களை ஒரே நாளில் எடுக்காதீர்கள். ஒன்று நன்றாகப் பதிந்த பின் அடுத்தது. இரண்டு முனியம்மாவையும் பேச்சில் பிரிக்க ஊரிலேயே வழி இருக்கும்: பெரிய முனியம்மா, கடைக்கார முனியம்மா, மேட்டு வீட்டு முனியம்மா. ஊக்குநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கேட்ட அடைமொழி எல்லாவற்றையும் நேரில் பயன்படுத்தக் கூடாது. சிலது முதுகுக்குப் பின்னால் மட்டும் புழங்குவது.

பெயருக்குப் பிடிமானம் வேண்டும் என்றேன் இல்லையா, அதற்கு ஒருவரைப் பற்றி ஒரே ஒரு சங்கதி போதும். அவரே சொன்னதாக இருக்கட்டும். 'பட்டுக்கூடு இந்தத் தடவை விலை எறங்கிப்போச்சு' என்று கோவிந்தம்மாக்கா சொன்னால் அதுவே போதும். சில பெயர்களுக்குள்ளேயே கதை இருக்கும். மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் மாதேஸ்வரி என்று அவரே சொல்லக்கூடும், அப்படிச் சொன்னால் அந்தப் பெயர் பசைபோட்ட மாதிரி ஒட்டும். ஆனால் நீங்களாகத் துருவாதீர்கள். 'இந்தப் பேரு எப்படி வந்தது, எந்தத் தெரு, யாரு வகையறா' என்று ஒரு வெளியூர் அதிகாரி கேட்டால், சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் சுற்றி வருகிறார் என்று நினைப்பார்கள். நினைப்பதில் தப்பும் இல்லை, பலர் அதற்காகத்தான் கேட்கிறார்கள்.

நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை, நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிருஷ்ணகிரியில் ஒரு ஆலோசனை மையத்தில் இருந்தேன். வருகிறவர்களின் பெயரை மறக்காமல் இருக்கச் சின்ன நோட்டில் பெயரும் எதிரே முக அடையாளமும் எழுதுவேன். ஒருநாள் நோட்டை மேசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் ஒரு அம்மா தன் பக்கத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயருக்கு எதிரே 'எத்துப் பல்' என்று எழுதியிருந்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. நோட்டை மூடி என் பக்கம் நகர்த்திவிட்டு, அவர் வந்த விஷயத்தைப் பேசத் தொடங்கினார். அடுத்த தடவை அவர் வரவில்லை. அன்றிலிருந்து எழுதுவது, சம்பந்தப்பட்டவர் படித்தாலும் பரவாயில்லை என்பதை மட்டும்தான். முக அடையாளத்தை மனசில் வையுங்கள், நோட்டில் கூப்பிடும் பெயரும் அவர் சொன்ன சங்கதியும் போதும். கடன் பாக்கியை அதே பக்கத்தில் எழுதாதீர்கள். போனில் முகங்களைப் படம் எடுத்து வைப்பதும் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் வராத நாள் வரும். நாக்கு நுனியில் நிற்கும், முதல் எழுத்து தெரியும், மீதி வராது. சொற்களிலேயே மனிதர் பெயர்தான் இப்படி அதிகம் நிற்கும், 27 வயதிலும் நிற்கும். அப்போது முட்டி மோதினால் பக்கத்துப் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்து வழி மறிக்கும். விட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள், தானாக வரும். ஆள் எதிரே நின்றால் தெரிந்ததை முதலில் சொல்லுங்கள்: 'அக்கா, போன தடவை பட்டுக்கூடு விலை பத்திச் சொன்னீங்க, பேரு மட்டும் வாய்க்கு வர மாட்டேங்குது.' ஆளை மறக்கவில்லை என்பது புரிந்துவிடும், பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொன்னதும் 'ஆமா, கோவிந்தம்மாக்கா' என்று ஒரு தடவை சொல்லி, அரை நிமிடச் சுற்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள். 'பேரு என்னங்க?' என்று கேட்டு, 'கோவிந்தம்மா' என்றதும் 'அது தெரியும், இனிஷியலைக் கேட்டேன்' என்று சமாளிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வங்கிக்காரர் என்பதால் உங்களுக்கு அது ஒரு தடவை எடுபடும். இரண்டாவது தடவை மாதம்மா அக்கா மாதிரி ஒருவர் பிடித்துவிடுவார்.

பெயர் வராமல் இருப்பது வேறு, முகமே தெரியாமல் போவது வேறு. தினம் பார்க்கிறவரை வேறு இடத்தில் கண்டால் யாரென்றே தெரியவில்லை என்றால் இந்தச் சுற்றுகள் உதவாது, அதற்கு நேரில் வந்து பேசுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் முதல் நான்கு பேரில் மாதம்மா அக்காவைச் சேர்க்க வேண்டாம், அவர் பெயர் பதிந்தாயிற்று. ஆனால் வாசலிலேயே முதலில் அவரைக் கூப்பிடுங்கள், 'மாதம்மாக்கா, வாங்க' என்று. அவர் ஏதாவது சொல்வார். வட்டியைப் பற்றித்தான் இருக்கும்.